வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு அறிக்கையில் என்ன எழுதுவது?

வாழைச்சேனை, புதிய ரீச்சர்:
தரம் 3 படிப்பிக்கிறேன். ஒரு பிள்ளை இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறான். முன்னேற்ற அறிக்கையில் குறிப்புக்கு இரண்டு, மூன்று வரி இடம்தான். உண்மையையும் எழுத வேண்டும், பிள்ளையும் நொந்துவிடக் கூடாது. எப்படி எழுதுவீர்கள்?

அக்கரைப்பற்று அப்பா:
நேரடியாக எழுதுங்கள் ரீச்சர். என் மகளுக்கு மூன்று வருடமாக ‘நன்று, மேலும் முயற்சி செய்க’ என்றே வந்தது. தரம் 5 இல் புலமைப்பரிசில் வினாத்தாளைக் கொடுத்தபோதுதான் கேள்வியையே அவளால் வாசிக்க முடியவில்லை என்று கண்டோம்.

களுவாஞ்சிக்குடி ரீச்சர்:
‘பின்தங்கியுள்ளார்’ என்று எழுதியிருந்தாலும், எதில் என்று உங்களுக்குத் தெரிந்திராது. பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி 40 சொல் வாசிக்க விட்டு, பிழைத்ததை அவன் சொன்னபடியே குறித்துக்கொள்ள வேண்டும். போன வருடம் என் வகுப்பில் ஒருவன் 27 சொல் சரியாக வாசித்தான். பிழைத்த 13 இல் 10 சொல் ஒரே மாதிரி. ‘கொடி’யைக் ‘கெடி’ என்றான், ‘தோணி’யைத் ‘தேணி’ என்றான். முன்னால் நிற்கும் கொம்பைப் பார்க்கிறான், பின்னால் வரும் அரவை விட்டுவிடுகிறான். நான் எழுதியது இதுதான்:

“‘பட்டம்’, ‘மீன்’ போன்ற சொற்களைத் தானாகவே வாசிக்கிறார். ‘கொடி’, ‘தோணி’ போன்றவற்றில் தடுமாறுகிறார். தினமும் இப்படி ஐந்து சொல் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.”

பிழைகள் ஒரு மாதிரிக்குள் வராமல், படத்தைப் பார்த்து ஊகித்துச் சொல்கிற பிள்ளை என்றால் இந்தக் குறிப்பு உதவாது.

கல்முனை மாமா:
கண்ணைக் காட்டச் சொல்லி எழுதுங்கள். என் மருமகனுக்குக் கரும்பலகை தெரியாததுதான் பிரச்சினை.

களுவாஞ்சிக்குடி ரீச்சர்:
காட்டுவது நல்லது, அதை நேரில் சொல்லலாம். ஆனால் தூரத்துக் கரும்பலகை தெரியாத பிள்ளை கையிலுள்ள புத்தகத்தை வாசிப்பான். அதனால் காரணத்தை நான் எழுத மாட்டேன், கண்டதை மட்டும் எழுதுவேன்.

அக்கரைப்பற்று அப்பா:
சரி, தரம் 3 மட்டத்துக்கு அவன் வரவில்லை என்பது உங்கள் குறிப்பில் எங்கே? ஐந்து சொல் பிடிபட்டால் போதும் என்றுதானே நான் நினைத்திருப்பேன்?

களுவாஞ்சிக்குடி ரீச்சர்:
நியாயமான கேள்வி. அதைப் பெற்றோர் கூட்டத்தில் அம்மம்மாவிடம் சொன்னேன். தாய் குவைத்தில். அம்மம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது, அறிக்கையை அவனிடமே கொடுத்து வாசிக்கச் சொன்னாவாம். ‘கொடி’ என்ற இடத்தில் நின்று, திரும்பப் பார்த்து, சரியாகச் சொன்னானாம். ‘மட்டத்துக்கு வரவில்லை’ என்பதையும் அவன் வாயாலேயே வாசிக்க விட எனக்கு மனம் வரவில்லை.

அக்கரைப்பற்று அப்பா:
அந்தப் பிள்ளைக்குச் சரி. வயல் வேலையில் நான் ஒரு கூட்டத்துக்கும் போனதில்லை. எனக்கு வந்து சேர்ந்தது அந்தத் தாள் மட்டும்தான். ‘இப்போது தரம் 2 பாடத்தை வாசிக்கிறார்’ என்று ஒரு வரி இருந்திருந்தால் அன்றைக்கே ஓடி வந்திருப்பேன்.

வாழைச்சேனை, புதிய ரீச்சர்:
நாளைக்கு 40 சொல் வாசிக்க விட்டுப் பார்க்கிறேன். அந்த ஒரு வரியை எழுதுவதா, நேரில் சொல்வதா என்பதில்தான் எனக்கு இன்னும் தெளிவில்லை. இவனுடைய தகப்பனும் கடலுக்குப் போகிறவர், கூட்டத்துக்கு வருவது சந்தேகம்தான்.