ரெக்கவரி பிஹேவியர்: மீட்பா, மீட்சியா, வேறா?

திருநகரிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். ரோபோ வழிகாணல் பற்றி மாணவர்களுக்குத் தமிழில் குறிப்பு எழுதுகிறேன். எங்கே தடை, எங்கே காலி என்று கட்டம் கட்டமாகக் குறிக்கும் காஸ்ட்மேப்பை ‘செலவுப்படம்’ என்றும், குளோபல் பிளானரையும் லோக்கல் பிளானரையும் ‘முழுவழி வகுப்பி’, ‘அருகுவழி வகுப்பி’ என்றும் வைத்துவிட்டேன். ரெக்கவரி பிஹேவியரில்தான் நிற்கிறேன். வழி கிடைக்காமல் சிக்கிய ரோபோ தானாகவே படத்தை அழித்துப் பார்க்கும், சுழலும், காத்திருக்கும், பின்வாங்கும். இந்த நான்கையும் சேர்த்து ‘மீட்பு’ எனலாமா?

உசிலம்பட்டியிலிருந்து

‘தரவு மீட்பு’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, சார். பேட்டரி தீர்ந்து நின்ற வண்டி, விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்கும் அதுவே போதும்.

திருநகரிலிருந்து

பேட்டரி விஷயம் இல்லை, ஐயா. வண்டி நல்ல உயிரோடு இருக்கிறது, போக வழிதான் தெரியவில்லை.

அண்ணா நகரிலிருந்து

சார், நான் இறுதியாண்டு மாணவன். ‘தடைநீக்கம்’ என்று வைக்கலாமே? எங்கள் ஆய்வக வண்டி நின்றுவிட்டால் நாங்கள் செய்வது இதுதான்:

```
ros2 service call /global_costmap/clear_entirely_global_costmap nav2_msgs/srv/ClearEntireCostmap
```

தடை போய்விடும், வண்டி கிளம்பிவிடும்.

கப்பலூரிலிருந்து

தம்பி சொல்வதில் பாதி சரி. போவது தடை இல்லை, தடை இருந்ததாகப் படத்தில் பதிந்த குறி. அங்கே நிஜமாகவே ஒரு பெட்டி இருந்தால் லேசரால் தொலைவு அளக்கும் லைடாரின் அடுத்த சுற்றிலேயே குறி திரும்ப வந்துவிடும்.

எங்கள் தொழிற்கூடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். 1.2 மீட்டர் அகல நடைபாதை, நீளம் 30 மீட்டர். வண்டி வட்டமானது, குறுக்களவு அரை மீட்டர். லைடாரின் எட்டம் 12 மீட்டர். ஒருவர் எதிரே இரண்டரை மீட்டரில் குறுக்கே நடந்து பக்கத்து அறைக்குள் போய்விட்டார். ஆனால் படத்தில் அவருடைய குறி அப்படியே நின்றது. காரணம் இதுதான்: ஒரு கதிர் தொலைவில் எதிலாவது பட்டுத் திரும்பினால்தான் இடையில் உள்ள கட்டங்கள் காலி என்று ஆகும். பக்கச்சுவரில் பட்ட கதிர்கள் குறியின் ஓரங்களைத் துடைத்துவிட்டன. நேர் நடுவில் போன கதிர்களுக்கு 12 மீட்டருக்குள் எதுவும் இல்லை. அவற்றின் அளவு ‘முடிவிலி’ என வந்தது, மென்பொருள் அதை ஒதுக்கிவிட்டது. நடுவில் கால் மீட்டர் அகலப் பேய்த்தடை மிஞ்சியது. இருபுறமும் 47 சென்டிமீட்டர்தான் இடைவெளி, அரை மீட்டர் வண்டி எப்படிப் போகும்? முழுவழி வகுப்பி ‘வழியே இல்லை’ என்றது. அதன் கணக்கில் அது சரியான பதில்தான்.

கண்டுபிடிப்பது சுலபம். RViz திரையில் குறி இருக்கும், அதன்மேல் லேசர் புள்ளி இருக்காது. அழித்ததும் வண்டி போனது, ஆனால் மறுநாளும் அதே கதை. கடைசியில், முடிவிலி அளவையும் கணக்கில் எடுக்கும்படி `inf_is_valid: true` என மாற்றியதும் அந்தத் தொல்லை நின்றது.

அதனால் ‘தடைநீக்கம்’ ஒத்துவராது. தவிர, ஐந்து விநாடி சும்மா நிற்பதும் இந்த நான்கில் ஒன்று. ஆள் தானாக விலகட்டும் என்று நிற்கிற வண்டி எதை நீக்குகிறது? ‘மீட்பு’ம் வேண்டாம். மீட்க இன்னொருவர் வேண்டும், இங்கே வண்டி தானே மீள்கிறது. ‘மீட்சி’ எனலாம்.

கீழமாசி வீதியிலிருந்து

பெயர் எதுவானாலும் சரி. எங்கள் ஜவுளிக் கிடங்கு வண்டிக்கு முன்பக்கம் மட்டும்தான் லைடார். சிக்கினால் முதலில் படத்தை அழிக்கிறது, கொஞ்ச நேரத்தில் 30 சென்டிமீட்டர் பின்வாங்கித் தூணில் இடிக்கிறது. இதையும் மீட்சி என்பதா?

கப்பலூரிலிருந்து

அண்ணாச்சி, பின்வாங்கும்போது வண்டி அருகுச் செலவுப்படத்தைப் பார்த்துத்தான் நகரும். வரும் வழியில் கண்ட தூணை அந்தப் படம் நினைவில் வைத்திருக்கும். அழித்ததும் அதுவும் போய்விடுகிறது, பின்னால் பார்க்கக் கண்ணும் இல்லை. அதனால் பின்பக்கம் வெறும் தரை என்று நம்பி நகர்கிறது. தூண் நிலையான வரைபடத்தில் இருந்தால், அந்த அடுக்கை அருகுப்படத்திலும் சேருங்கள். துணி மூட்டைகள் இடம் மாறிக்கொண்டே இருந்தால் அதுவும் உதவாது. எதற்குப் பிறகு எதைச் செய்வது என்று வண்டிக்குச் சொல்லும் நடத்தை மரத்திலிருந்து `BackUp` வரியை எடுத்துவிடுவதே நல்லது.

அண்ணா நகரிலிருந்து

சரி, ‘தடைநீக்கம்’ வேண்டாம். ஆனால் ‘மீட்சி’ வெற்றியைச் சொல்வது மாதிரி இருக்கிறதே? நான்கும் செய்தும் வண்டி நின்ற இடத்திலேயே நிற்பதும் உண்டு. முயற்சியைக் குறிக்கும் சொல் வேண்டும். ‘விடுபடு முயற்சி’?

திருநகரிலிருந்து

நன்றாக இருக்கிறது, கொஞ்சம் நீளம். குறிப்பில் இப்போதைக்கு ‘மீள்முயற்சி’ என்று போடுகிறேன்.

உசிலம்பட்டியிலிருந்து

‘மீள்முயற்சி’ என்றால் அதே காரியத்தைத் திரும்பச் செய்வது என்றுதான் யாரும் படிப்பார்கள். ரீட்ரைக்கு அப்புறம் என்ன வைப்பீர்கள்?