19-ஆ 21-ஆ? ஸ்கவுட் ரஷ் சண்டை

அவனியாபுரம்: "ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 அரேபியா மேப்ல ஸ்கவுட் குதிரையை வச்சு சீக்கிரமே அடிக்க 19 ஆள் போதும். 21-ல அடுத்த யுகமான ஃபியூடலுக்குக் கிளிக் பண்றவன் 50 நொடி பிந்திப் போவான்."

மேலூர்: 50 எங்கேயிருந்து வந்துச்சு? நீங்க சொல்ற 19 வில்லேஜர் மட்டும். 21ங்கிறது திரையில தெரியுற பாப்புலேஷன். ஆரம்பத்துல நிக்கிற ஸ்கவுட்டும் அதுல சேர்த்தி. அப்ப வில்லேஜர் 20. ஒரே ஆள் வித்தியாசம், 25 நொடி. 3 பேரோட ஆரம்பிச்சு இன்னும் 16 பேர் எடுக்க 400 நொடி, லூம் ஆராய்ச்சிக்கு 25. ஆக 7:05-க்கு கிளிக். 20 பேருன்னா 7:30. ஏற 2:10 ஆகும்.

அவனியாபுரம்: 21-ல 19 போனா 2. ரெண்டு ஆளுக்கு 50 நொடி. இதுக்குப் போய் இவ்வளவு நீளமா?

மேலூர்: குதிரையை வில்லேஜர்னு எண்ணுனா 50 வரத்தான் செய்யும்.

உசிலம்பட்டி: ரெண்டு பேரும் விடுங்கண்ணே. ஆள் கூடக்கூட பலம். 23 வரைக்கும் எடுத்துட்டு ஏறுங்க, சாப்பாடு தட்டாது.

மேலூர்: சாப்பாடு தட்டாதுங்கிறது சரி தம்பி. ஆனா உங்க ஸ்கவுட் போய்ச் சேர்றதுக்குள்ள எதிராளி வேலி அடைச்சு ஈட்டிக்காரனை நிறுத்திடுவான். 19-ல சிக்கல் வேற. ஃபியூடல் வந்ததும் டவுன் சென்டர் 25 நொடிக்கு 50 உணவு கேக்கும், லாயம் 30 நொடிக்கு 80. சேர்த்தா நொடிக்கு 4.7. ஒரு ஆள் நொடிக்கு 0.3 கிட்டத்தான் கொண்டு வருவான். ரெண்டும் நிக்காம ஓட 16 பேர் உணவுல வேணும். மிச்சம் 3 பேர் மரத்துல. ஆடும் பன்றியும் தீர்ந்ததும் பண்ணை ஒண்ணுக்கு 60 மரம் எங்கேயிருந்து வரும்? மூணு ஸ்கவுட்டோட நின்னு போகும்.

விளாங்குடி: ஸ்டார்கிராஃப்ட் 2-ல 2015-லேயே ஆரம்ப வேலையாள் 6 பேரை 12 ஆக்கிட்டாங்க. அங்க இந்தச் சண்டையே கிடையாது.

மேலூர்: இங்க பேச்சு அரேபியா மேப்.

அவனியாபுரம்: திராவிடர் நாகரிகத்தை எடுங்க. ஏஜ் ஏறுனதும் 200 மரம் சும்மா வரும். லாயத்துக்கு 175 போக மிச்சம் வேற. 19 தாராளம்.

உசிலம்பட்டி: அதுலயும் கதை ராஜேந்திர சோழனுக்குத்தான். பாண்டியனுக்கு ஒண்ணும் வைக்கலை. மதுரைக்காரன் எதுக்கு அதை எடுக்கணும்?

அவனியாபுரம்: சோழனோ பாண்டியனோ, மரம் 200 வருதில்ல?

மேலூர்: மிச்சம் 25 மரம் ஒரு வீட்டுக்குத்தான் காணும், பண்ணைக்குக் காணாது. இன்னொண்ணு, 7:05-க்கு முன்னாடி மொத்தம் 1,100 உணவு சேர்த்திருக்கணும். நடுவுல 50 உணவு இல்லாம டவுன் சென்டர் சும்மா நின்னா, அதே 19-ஐ வச்சே 7:40-க்குத்தான் கிளிக் விழும். அது 21-ஐ விடவும் தாமதம். ஆட்டம் முடிஞ்சதும் புள்ளிவிவரத்துல ஃபியூடல் நேரம் இருக்கும். 9:15 வந்துச்சா? அதை மட்டும் போடுங்க.

அவனியாபுரம்: நேரம் எதுக்கு? 21-ல 19 போனா 2. அதைத் தப்புன்னு நிரூபிங்க முதல்ல.

மேலூர்: குதிரையைக் கழிங்க முதல்ல.