‘ஃபாக் ஆஃப் வார்’ தமிழில் என்ன?

செல்வி:
அனைவருக்கும் வணக்கம். வரலாற்று மாணவர்கள் வாட்டர்லூ போரை வரைபடத்தில் நடத்திப் பார்க்க ஒரு பயிற்சித்தாள் எழுதுகிறேன். 1824-இல் பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் வெளியிட்ட ‘கிரீக்ஸ்பீல்’ என்ற போர் விளையாட்டு முறைதான்: 1:8000 வரைபடம், சுற்றுக்கு 2 நிமிடம், இரு தரப்புக்கும் இடையே ஒரு நடுவர். போரில் படைகள் எங்கே, என்ன நடக்கிறது என்று தளபதிக்குத் தெளிவாகத் தெரியாத நிலைதான் ‘ஃபாக் ஆஃப் வார்’; அதைப் ‘போர் மூடுபனி’ என்று எழுதியிருந்தேன். அன்று பனி பெய்ததா என்று ஒரு மாணவர் கேட்டார். முந்தின இரவு மழை கொட்டியது உண்மை என்பதால் குழப்பம் கூடிவிட்டது. நாளை மாலை அச்சுக்குப் போகவேண்டும்.

குமரன்:
அம்மா, கணினி விளையாட்டு மொழிபெயர்ப்பில் நாங்கள் ‘இருள்திரை’ என்றே போடுகிறோம். போகாத இடம் கறுப்பாக இருக்கும், போனால் திறக்கும். எல்லாருக்கும் புரியும்.

இளங்கோ:
குமரன் சொல்வது பாதி சரி. எதிரி மறைந்திருப்பதை அது சொல்கிறது. ஆனால் கிரீக்ஸ்பீலில் நிலப்பரப்பு இருதரப்புக்கும் தெரியும், வரைபடம் கையில் இருக்கிறது. தெரியாதது படைகள் எங்கே என்பது. அதிலும் தன் படையே எங்கே என்று தெரியாது. ‘திரை’ இதைச் சொல்லவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தளபதிக்கு 3 கி.மீ. தள்ளி ஒரு காலாட்படை நடந்துகொண்டிருக்கிறது. தூதுக் குதிரை நிமிடத்துக்கு 300 மீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். செய்தி வர 10 நிமிடம், கட்டளை திரும்பிப் போக 10 நிமிடம். மொத்தம் 10 சுற்று. நிமிடத்துக்கு 80 மீட்டர் நடக்கும் படை அதற்குள் 1,600 மீட்டர் போயிருக்கும். வரைபடத்தில் அது 20 செ.மீ. கட்டளை போய்ச் சேரும்போது, அதில் எழுதிய இடத்தில் படை இல்லை.

வாட்டர்லூவிலும் இதுவே நடந்தது. 1815 ஜூன் 18 பிற்பகல் 1 மணி அளவில் நெப்போலியன் தரப்பிலிருந்து அவருடைய தளபதி க்ரூஷிக்கு எழுதிய கட்டளை, வாவ்ர் ஊர்ப் பக்கம் இருந்த க்ரூஷிக்கு மாலையில்தான் கிடைத்தது. அதற்குள் எதிரிகளான பிரஷ்யர்கள் களத்துக்கு வந்துவிட்டார்கள்.

புலவர் அரங்கநாதன்:
அப்படியானால் ‘போர்மயக்கம்’ எனலாம். மயங்குதல் என்பது கலத்தல். தொல்காப்பியர் ‘திணைமயக்கம்’ என்பதும் அப்பொருளில்தான். கிடைத்த செய்தியும் கிடைக்காத செய்தியும் கலந்து நிற்கும் நிலைக்கு இதைவிடச் சொல் இல்லை. ‘ஒற்றொற்றித் தந்த பொருளையும் மற்றுமோர் ஒற்றினால் ஒற்றிக் கொளல்’ என்ற குறள் இந்த மயக்கத்துக்கு மருந்து. ஓர் ஒற்றனின் செய்தியை இன்னோர் ஒற்றனால் சரிபார்க்காத ஆட்டக்காரர் தோற்பார்.

செல்வி:
ஐயா, மாணவர்கள் ‘மயக்கம்’ என்றால் தலைசுற்றல் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

யோகேஸ்வரி:
எங்கட பக்கம் ‘பனிப்புகார்’ எண்டால் உடனே விளங்கும். ‘போர்ப்புகார்’ எண்டு வைக்கலாமே?

குமரன்:
இங்கே புகார் என்றால் காவல் நிலையத்தில் கொடுப்பதுதான், அக்கா. ‘போர்மூட்டம்’ எப்படி? புகைமூட்டம், பனிமூட்டம் போல.

புலவர் அரங்கநாதன்:
அதில் சிக்கல் உண்டு தம்பி. ‘போர் மூட்டுதல்’ என்றால் போரைத் தூண்டிவிடுதல். மூடு என்பதன் வழி வந்த மூட்டம் வேறு, மூட்டு என்னும் வினை வேறு. சேர்த்து எழுதினாலும் படிப்பவர் காதில் தூண்டுதலே விழும். ‘போர்’ என்ற சொல்லுக்கு வைக்கோற்போர் என்ற பொருளும் இருப்பது...

இளங்கோ:
‘போர்’ வேண்டாம், ‘களம்’ போடுங்கள். களமூட்டம். இந்த உவமையைத் தந்த பிரஷ்யப் போரியல் எழுத்தாளர் க்ளாஸவிட்ஸும் ‘போரின் மூடுபனி’ என்று ஒரே தொடராக எழுதவில்லை. போரில் செயல்படுவதற்கு அடிப்படையானவற்றில் முக்கால் பங்கு மூடுபனிக்குள் இருக்கிறது என்றுதான் சொன்னார். சொல்லுக்குச் சொல் பெயர்க்க வேண்டியதில்லை.

சொல்லைவிட நடுவரின் வேலை முக்கியம், செல்வி. நடுவர் மட்டும் முழு வரைபடத்தை வைத்திருக்கட்டும். ஒவ்வொரு கட்டளைச் சீட்டிலும் எழுதிய நேரத்தைக் குறித்து, சேரும் நேரத்தையும் அவரே கணக்கிட்டு எழுதி, அந்தச் சுற்று வரும்வரை சீட்டைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும். பெரும்பாலும் தவறுவது இங்கேதான்: அவசரத்தில் உடனே படையைக் குறிக்கும் கட்டையை நகர்த்திவிடுவார்கள். நடுவில் ஒருமுறை சீட்டுகளை வாங்கிப் பாருங்கள். எந்தக் கட்டளையும் தவறான இடத்துக்குப் போகவில்லை, யாரும் உளவுக் குதிரை அனுப்பவில்லை என்றால் மாணவர்கள் சதுரங்கம் ஆடுகிறார்கள்.

யோகேஸ்வரி:
களமூட்டம் எனக்குச் சம்மதம்.

குமரன்:
எனக்கும். எங்கள் பக்கத்தில் இருள்திரையே இருக்கட்டும்.

புலவர் அரங்கநாதன்:
களமூட்டம் கண்ணுக்குத் தெரியாமையை மட்டும் சொல்கிறது. செய்தி பழையதாகிப் போவது அதில் இல்லை. அதனால் ‘களமயக்கம்’ என்பதை நான் கைவிடவில்லை.

செல்வி:
ஐயா சொல்வதை ஏற்கிறேன், ஆனால் ஒரு சொல்லில் இரண்டையும் அடக்க முடியவில்லை. தாளில் ‘களமூட்டம்’ என்று தலைப்பிட்டு, கட்டளை சேர ஆகும் காலத்துக்கு ‘தூதுத் தாழ்ச்சி’ என்று தனிச்சொல் வைக்கிறேன். இளங்கோ அண்ணா, சீட்டில் இரண்டு நேரக் கட்டங்களும் சேர்த்தாகிவிட்டது. தூதுக் குதிரை பிடிபட்டால் சீட்டு எதிரியிடம் போக வேண்டுமா, நடுவரிடமே நிற்க வேண்டுமா என்பதை மட்டும் காலைக்குள் சொல்லுங்கள்.