மாறும் வட்டிக்கு ஒரே விகிதம் எப்படிப் போடுவது?

வணக்கம். சுங்கை சிப்புட்டில் அம்மா பால்மரம் வெட்டிச் சேர்த்த 10,000 வெள்ளியை மூன்று வருடம் வங்கியில் வைப்பாகப் போட்டிருந்தோம். வட்டி முதலோடு சேரும். முதல் வருடம் 2%, அடுத்து 3%, அப்புறம் 4%. சராசரி 3% தானே என்று போட்டால் 10,927.27 வருகிறது, ரசீதில் 10,926.24. அந்த ஒரு வெள்ளி மூன்று காசு எங்கே என்று அம்மா விடவில்லை! பெருக்கிக் கனமூலம் எடுத்ததும் 2.9968% என்று சரியாக வந்தது:

```
=(1.02*1.03*1.04)^(1/3)-1
```

தங்கை கணக்கில்தான் சிக்கல். அதே தொகை, அதே விகிதங்கள். ஆனால் இரண்டாம் வருட வட்டி 306 வெள்ளியை எடுத்துவிட்டாள். கடைசியில் கையில் 10,608. நடுவில் பணம் வெளியேறியதால் கனமூலம் ஒத்துவராது. இதற்கு ஒரே விகிதத்தை எக்செலில் எப்படிக் கண்டுபிடிப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.