குளிர் தூக்கிப் போடும்போது கம்பளியா, ஃபேனா?

தூக்கம்கெட்டவன்
நேத்து ராத்திரி 9.40க்குக் குளிர் தூக்கிப் போட ஆரம்பிச்சுது. பல்லு தந்தியடிக்குது, கட்டிலே ஆடுது. கக்கத்துல வெச்சுப் பார்த்தா 99.1தான். கம்பளியை இழுத்துப் போர்த்திக்கிட்டேன். வீட்டம்மா வந்து "காய்ச்சலை மூடி வெச்சா இன்னும் ஏறும்"னு அதைப் பிடுங்கிட்டு ஃபேனைப் போட்டுட்டாங்க. 10.20க்கு நடுக்கம் நின்னப்போ 102.7. சூடு ஏறும்போது ஏன் குளிருது? எங்க ரெண்டு பேர்ல யார் செஞ்சது சரி? வயசு 34, எடை 60 கிலோ.

நேர்வழி
உங்க வீட்டம்மாதான் சரி. உடம்புல ஏற்கெனவே சூடு இருக்கு, அது வெளிய போக வழி விடணும். கம்பளி போட்டா அந்தச் சூடு உள்ளயே சுத்தும். 99ல இருந்தவர் 102க்குப் போனதே நீங்க முதல்ல போர்த்தினதாலதான் இருக்கும். குழந்தைகளுக்கு இப்படி மூடித்தான் வலிப்பு வருது. துணியைக் குறைங்க, ஈரத்துணி போடுங்க, அவ்வளவுதான்.

ராத்திரி டூட்டி
நேர்வழி சார், பாதி வரைக்கும் உங்களோட வரேன், மீதிக்கு வரமாட்டேன். நான் வார்டுல 17 வருஷமா செவிலியரா இருக்கேன். குளிர் தூக்கிப் போடுறவங்க பக்கத்துல நின்னு பாருங்க. நெஞ்சைத் தொட்டா அனல், விரல் நுனியைத் தொட்டா ஐஸ். நகம் லேசா நீலம் பூத்திருக்கும், கை ரோமம் சிலிர்த்து நிக்கும். சூடு வெளிய போக உடம்பு அப்போ வழியே தேடலை. தோலுக்குப் போற ரத்தக்குழாயைச் சுருக்கி, கதவை அதுவே உள்பக்கமா தாழ் போட்டுக்கிட்டு நிக்குது.

காரணம் மூளையில இருக்கு. ஹைப்போதலாமஸ்தான் உடம்பு எவ்வளவு சூடா இருக்கணும்னு அளவு வெச்சுக் காப்பாத்துது. கிருமி உள்ள வந்ததும் எதிர்ப்பு அணுக்கள் விடுற சேதி அங்க போய், புரோஸ்டாகிளாண்டின்ங்கிற வேதிப்பொருள் சுரந்து, அந்த அளவு 98.6ல இருந்து, உங்க கேஸ்ல வெச்சுக்கிட்டா, 102.7க்கு மாறிடுது. உடம்பு இன்னும் 99ல நிக்குது. மூளைக்கு அது மூணரை டிகிரிக்கு மேல பத்தாக்குறை. அதனால "குளிருது"ன்னு உங்களுக்குத் தோண வைக்குது, தசையை ஆட்டிச் சூடு பண்ணச் சொல்லுது. அதான் நடுக்கம். 10.20க்கு அது நின்னதுக்கும் இதான் காரணம், போக வேண்டிய இடம் வந்துடுச்சு.

கம்பளி அந்த இடத்தை மாத்தாது. ஃபேனும் மாத்தாது. ஃபேன் போட்டா தோல் இன்னும் குளிர்ந்து, இழந்த சூட்டைச் சம்பாதிக்க இன்னும் கடுமையா நடுங்குவீங்க. போய்ச் சேருறது அதே 102.7க்குத்தான், உடம்பு வலியோட.

நேர்வழி
அக்கா, கேக்க நல்லா இருக்கு. ஆனா கம்பளி சூட்டைப் பிடிச்சு வைக்கும்ங்கிறது சாதாரண இயற்பியல். அது ஏத்தாதுன்னு எப்படிச் சொல்றீங்க?

கணக்குப்புலி
இயற்பியல்னு சொன்னதால உள்ள வரேன். ஒரு கிலோ உடம்பை 1 டிகிரி செல்சியஸ் ஏத்த சுமார் 0.83 கிலோகலோரி வேணும். 99.1ல இருந்து 102.7 சரியா 2 டிகிரி செல்சியஸ். 60 கிலோவுக்கு மொத்தம் 100 கிலோகலோரி.

சும்மா படுத்திருக்கிற உடம்பு மணிக்கு 70 கிலோகலோரி அளவுக்குச் சூடு தரும். வெளிய ஒரு துளிகூடப் போகாம அடைச்சாலும் இந்த 100க்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். இவர் 40 நிமிஷத்துல போயிருக்கார். அப்போ வேகத்துக்குக் காரணம் தசைதான், கம்பளி இல்ல. நடுக்கம் மூணு மடங்கு சூடு தந்தா 40 நிமிஷத்துல 140. அதுல தோல் வழியா 40 போனா மீதி 100. கணக்கு உக்காருது. ஃபேன் காத்துல அந்த 40 எழுபதாச்சுன்னா, அந்த 30ஐயும் இவரோட தசைதான் ஆடிக் கட்டணும்.

கம்பளி சூட்டைப் பிடிக்கும்ங்கிறது உண்மைதான். ஆனா ஏறுற நேரத்துல பிடிச்சா நடுக்கம் அந்த அளவுக்குக் குறையும்.

ராத்திரி டூட்டி
கணக்கு அழகு தம்பி. ஆனா அந்த 99.1ஐ ரொம்ப நம்பாதீங்க. தோல் சுருங்கி இருக்கிறப்போ கக்கத்துல குறைச்சுத்தான் காட்டும், நெத்தியில காட்டுற துப்பாக்கி மாதிரி மீட்டர் இன்னும் மோசம். உள்ள அப்பவே நூறைத் தாண்டியிருக்கலாம். "நடுங்குறார், ஆனா காய்ச்சல் இல்லையே"ன்னு வர்றவங்களை அரை மணி கழிச்சு மறுபடி பார்க்கச் சொல்லுவேன்.

கணக்குப்புலி
ஒத்துக்கறேன். அப்போ 100 கிலோகலோரி எழுபதோ எண்பதோ ஆகும். எந்தப் பக்கம் சாயுதுங்கிறது மாறாது.

வெயில்மறவன்
என்ன அநியாயம் இது! எங்க சைட்ல ஒருத்தர் உச்சி வெயில்ல வேலை பார்த்து 106 அடிச்சு விழுந்தார். அவருக்கும் கம்பளி போர்த்தணுமா? தண்ணி ஊத்தித்தான் காப்பாத்தினோம்.

ராத்திரி டூட்டி
அண்ணே, நீங்க செஞ்சது சரி, ஆனா அது வேற நோய். அங்க மூளை வெச்ச அளவு 98.6லயேதான் இருக்கு, உடம்பு அதை மீறி ஓடிடுச்சு. அவர் குளிருதுன்னு கேட்டிருக்க மாட்டார், குழம்பியிருப்பார். அங்க துணியைக் கழட்டி, தண்ணியும் காத்தும் உடனே. பாராசிட்டமால் அங்க பிரயோஜனமில்ல, ஏன்னா அது இறக்குறது மூளையோட அளவை. இவர் விஷயத்துல அதே மாத்திரை வேலை செய்யும், ஆனா அரை மணியில இருந்து ஒரு மணி நேரம் ஆகும். அளவு இறங்கின பிறகு உடம்பே வேர்த்துச் சூட்டை விடும்.

நேர்வழி
சரி, நடுங்கும்போது போர்த்தலாம்னே வெச்சுக்குவோம். வலிப்புக்குப் பதில் சொல்லலையே. அக்கா பையனுக்கு ரெண்டு வயசுல வந்தது, கண்ணால பார்த்தவன் நான்.

ராத்திரி டூட்டி
பார்த்தவங்களுக்கு அந்தப் பயம் போகாதுதான். ஆனா வலிப்பு கம்பளியால வந்ததுன்னு சொல்ல முடியாது. பல குழந்தைங்களுக்குக் காய்ச்சல் இருக்குன்னு வீட்டுல தெரியறதுக்கு முன்னாடியே வந்துடும். காய்ச்சல் மருந்தை நேரம் தவறாம குடுத்தும் அடுத்த வலிப்பைத் தடுக்க முடியலைன்னுதான் ஆய்வுகள் சொல்லுது. நடுக்கமா வலிப்பான்னு தெரியணும்னா பேர் சொல்லிக் கூப்பிடுங்க. நடுங்குற குழந்தை உங்களைப் பார்க்கும், அழும். வலிப்புல கண்ணு ஒரு பக்கம் நிலைகுத்தும், பதில் இருக்காது, கையைப் பிடிச்சாலும் வெட்டு நிக்காது.

ஆனா கைக்குழந்தை விஷயத்துல நான் உங்க கட்சி. கம்பளியைப் பெரியவங்க வேர்த்தா உதைச்சுத் தள்ளிடுவாங்க, அதால முடியாது. ரெண்டு மூணு அடுக்கு சுத்தி, குல்லாவும் மாட்டினா காய்ச்சலே இல்லாத குழந்தைக்குக்கூடச் சூடு ஏறும். மூணு மாசத்துக்குள்ள இருக்கிற குழந்தைக்கு 100.4 வந்தா கம்பளியா ஃபேனான்னு யோசிக்கவே வேண்டாம், கிளம்பிடணும்.

மாடிப்படி
என்னோட அனுபவம் ஒண்ணு. அம்மாவுக்கு 71 வயசு, சிறுநீர் போக வெச்சிருந்த டியூபை மாத்தின மறுநாள் இப்படித்தான் தூக்கிப் போட்டுது. கால் மணி நேரம் ரெண்டு பேர் மேல படுத்துப் பிடிக்கிற மாதிரி. நானும் அண்ணனும் போர்த்தலாமா வேண்டாமான்னு சண்டை போட்டோம். கடைசியில நான் ஜெயிச்சேன், போர்த்தினேன், நடுக்கமும் நின்னுது. காய்ச்சல் 101தான்னு காலையில பார்த்துக்கலாம்னு விட்டோம். விடியக்காலையில ரத்த அழுத்தம் விழுந்து பேச்சே குழறிடுச்சு. ஆஸ்பத்திரியில ரத்தத்துல கிருமின்னாங்க. பிழைச்சுட்டாங்க, பதினோரு நாள் ஆச்சு.

ராத்திரி டூட்டி
இதைத்தான் முதல் பதில்லயே எழுதியிருக்கணும். தூக்கம்கெட்டவன், கட்டில் ஆடுற அளவு நடுக்கம்னு எழுதியிருக்கீங்க. லேசான சிலிர்ப்பு சளிக் காய்ச்சல்லயும் வரும். அடக்கவே முடியாத உதறல் வந்தா ரத்தத்துல பாக்டீரியா, சிறுநீரகத்துல சீழ், மலேரியா எல்லாம் நினைவுக்கு வரணும். வயசானவங்களுக்குக் காய்ச்சல் எண் பெரிசா ஏறாது, அதை நம்பக் கூடாது. உங்களுக்கு மூத்திரம் போகும்போது எரிச்சல், இடுப்புக்கு மேல முதுகுவலி, மூச்சு வாங்குறது ஏதாவது உண்டா? இன்னிக்கும் அதே நேரத்துக்கு வருதான்னு பாருங்க.

நேர்வழி
அப்போ சுருக்கமா என்னதான் செய்யச் சொல்றீங்க?

ராத்திரி டூட்டி
கையையும் பாதத்தையும் தொட்டுப் பாருங்க. ஜில்லுன்னு இருந்தா ஏறிக்கிட்டு இருக்கு, அவர் கேட்டா ஒரு போர்வை குடுங்க. வெதுவெதுன்னு ஆகி முகம் சிவந்தா ஏறி முடிஞ்சுது, அப்பவே போர்வையை எடுத்துடணும், மெல்லிய துணி ஒண்ணு போதும். நிறைய பேர் தவறுறது இங்கதான். நடுங்கும்போது போர்த்தினதை மூணு மணி நேரம் கழிச்சும் எடுக்க மாட்டாங்க. வேர்த்து நனைஞ்ச சட்டையை மாத்துங்க, இல்லேன்னா அந்த ஈரத்துலயே மறுபடி சிலிர்க்கும்.

ஈரத்துணி வேண்டவே வேண்டாம்ங்கிறது என் கட்சி. பிரிட்டன்ல நைஸ்ங்கிற மருத்துவ அமைப்பு குழந்தைகளுக்காகக் குடுத்த வழிகாட்டுதலும் அதைப் பரிந்துரைக்கலை. துணியைக் கழட்டிப் போடவும் வேண்டாம், மூடிச் சுத்தவும் வேண்டாம்னு சொல்லுது. ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கிறது அறவே கூடாது, தோல் வழியா உள்ள போகும்.

கணக்குப்புலி
ஈரத்துணியில ஒத்துக்க மாட்டேன். மாத்திரை போட்டு ஒரு மணி ஆனப்புறம் அளவு இறங்கிடுச்சுல்ல? அப்போ நெத்தியில வெதுவெதுப்பான துணி வெச்சா நடுக்கம் வராது, இதமாவும் இருக்கும். என் மகளே கேட்டு வாங்கிக்குவா.

ராத்திரி டூட்டி
கேட்டா வெச்சுக்கட்டும். அழுற குழந்தையைப் பிடிச்சு உடம்பு முழுக்கத் துடைக்கிறதைத்தான் சொல்றேன். சூடு குறைக்கிறதுக்குன்னா நான் இன்னும் மாறலை.

தூக்கம்கெட்டவன்
எரிச்சல் இல்ல, ஆனா வலது பக்க முதுகு ரெண்டு நாளா வலிச்சுது, சுளுக்குன்னு விட்டுட்டேன். இப்போ 8.50, விரல் ஜில்லுன்னு ஆரம்பிக்குது. மீட்டர் 98.9ங்குது. வீட்டம்மா இதைப் படிச்சுட்டு போர்வையைக் கையில குடுத்துட்டு, "வண்டி வருது, சட்டையை மாத்துங்க"ன்னு நிக்கிறாங்க.