“நம்ம ஊரே பிரிட்ஜ்தானே”: புரோபயோடிக் போத்தலும் எங்கள் அனுபவங்களும்

கொட்டகலை அம்மா

இது நடந்து கொஞ்ச நாளாகிவிட்டது, ஆனாலும் மனசு ஆறவில்லை. மகனுக்குக் காதில் சீழ். அன்டிபயோடிக் தொடங்கின கையோடு வயிற்றோட்டமும் வந்துவிட்டது. டொக்டர் துண்டில் “புரோபயோடிக்” என்று மட்டும் எழுதித் தந்தார், வயிற்றுக்கு நல்லது செய்யும் கிருமிகளை உயிரோடு அடைத்துத் தருகிற சாமான். டவுனில் ஒரு மருந்துக்கடையில் கேட்டேன். ஷெம்பு பக்கெட்டுகளுக்குப் பக்கத்தில், கண்ணாடி ராக்கையில் இருந்த போத்தலை எடுத்துத் தந்தார்கள். லேபலில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கச் சொல்லித் தெளிவாகப் போட்டிருக்கிறது. கேட்டதற்கு, “மிஸ், நம்ம ஊரே பிரிட்ஜ்தானே” என்றார் கடைக்காரர்.

வீட்டுக்கு வந்து கெப்சூலைத் திறந்து பாலில் கலக்கப் போனேன். மா உதிரவே இல்லை. கட்டிபட்டு, மஞ்சள் ஏறி, கெப்சூலின் உள்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. ஊசி முனையால் சுரண்டித்தான் எடுத்தேன். பிள்ளை வாயைத் திறந்துகொண்டு நிற்கிறான், கரண்டி என் கையில் இருக்கிறது, கொடுக்க மனசு வரவில்லை. கொடுக்கவும் இல்லை. போத்தல் விலை கொஞ்ச நஞ்சமில்லை. இப்படி யாருக்காவது நடந்திருக்கிறதா?

பழைய டீமேக்கர்

கடைக்காரர் சொன்னதில் என்ன பிழை? நான் இருப்பது நுவரெலியாப் பக்கம். வருஷம் முழுக்கச் சராசரி 16 டிகிரி அளவுதான். கொழும்புக்காரனுக்கு எழுதின லேபலை நாம் அப்படியே பிடித்துக்கொண்டு நிற்கத் தேவையில்லை.

உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க என்னிடம் ஒரு வழி இருக்கிறது. எனக்கு ஒருமுறை இதே மாதிரிச் சந்தேகம் வந்தது. பாலைக் காய்ச்சி, கைச்சூட்டுக்கு ஆறவிட்டு, ஒரு கெப்சூலைக் கொட்டிக் கலக்கி, துணி சுற்றி அடுப்படியில் வைத்தேன். விடியும்போது சட்டியைச் சரித்துப் பார்த்தால் தயிர் ஆடாமல் நின்றது. செத்த கிருமி பாலை உறைய வைக்குமா? மிஸ் அந்தக் கெப்சூலை எறிவதற்கு முதல் இதைச் செய்து பார்த்திருக்கலாம்.

தலவாக்கலை மருமகள்

எல்லாரும் பிரிட்ஜ் பிரிட்ஜ் என்கிறீர்கள். எங்கள் லயத்தில் யாரிடமும் பிரிட்ஜ் இல்லை. என் பிள்ளைக்குத் தந்தது கெப்சூல் இல்லை, சின்னச் சின்னப் பிளாஸ்டிக் குப்பி, உள்ளே தண்ணீர் மாதிரி மருந்து. மாமியார் “இது கட்டாயம் ஐஸில் வைக்க வேண்டிய சாமான்” என்று ஒரே பிடி. மழையில் இறங்கிப் போய்க் கடைக்கார அண்ணாவிடம் கெஞ்சி, அவருடைய ஐஸ் பெட்டியில் ஐஸ் பழங்களுக்கு நடுவே வைத்தோம். ஒவ்வொரு வேளைக்கும் அந்தப் படியில் இறங்கி ஏறினேன். கடைசியில் கிளினிக் மிஸ் குப்பியை வாங்கிப் பார்த்துவிட்டு, “இதில் 30 டிகிரிக்குக் கீழே என்றுதானே இருக்கிறது, வீட்டிலேயே வையுங்கள்” என்றார். வாங்கும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? அப்படிப் பார்த்தால் பிரிட்ஜ் கதையே பொய்தானே?

பண்டாரவளை மருந்தாளர்

தங்கச்சி, பிரிட்ஜ் கதை பொய் இல்லை. உங்கள் குப்பியில் இருந்தது வேறு இனம். அநேகமாகப் பசிலஸ் கிளவுசி. 5 மில்லிலீட்டர் குப்பியில் 200 கோடி விதைத்துகள் என்று போட்டிருக்கும். அந்தப் பக்டீரியா கஷ்ட காலத்தில் தடித்த ஓடு கட்டிக்கொண்டு உறங்கிவிடும், அதனால்தான் தண்ணீருக்குள்ளேயே அறை வெப்பத்தில் மாதக்கணக்கில் இருக்கிறது. கொட்டகலை மிஸ் வாங்கினதில் அப்படி ஓடு கட்டாத லக்டோபசிலஸ், பிஃபிடோபக்டீரியம் வகைகள் இருந்திருக்க வேண்டும். அவற்றை உறைய வைத்து, ஈரத்தை உறிஞ்சியெடுத்து, உலர்ந்த தூளாக்கி அடைக்கிறார்கள். அதிலும் பிஃபிடோபக்டீரியம்தான் மிகவும் மென்மையானது.

இனி டீமேக்கர் ஐயாவுக்கு. குளிரைப் பற்றி நீங்கள் சொன்னதில் பாதி சரி. 16 டிகிரி 30 டிகிரியை விட நல்லதுதான், ஆனால் 8 டிகிரி ஆகாது. அதைவிட முக்கியமாக, நம் பக்கத்துச் சிக்கல் சூடு இல்லை, ஈரம். தேயிலையை நன்றாகக் காய வைத்துத்தான் பெட்டியில் அடைப்பீர்கள். மிஸ்ட் இறங்கும் நேரம் பெட்டியைத் திறந்து வைத்தால் என்னவாகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தத் தூளும் அப்படித்தான். காய்ந்திருக்கும் வரை பக்டீரியா உறக்கத்தில் இருக்கும். கொஞ்சம் ஈரம் ஏறினால் அரைகுறையாக விழிக்கும். தின்ன ஒன்றும் இல்லை, பெருக இடமும் இல்லை, அப்படியே சாகும். மிஸ் பார்த்த கட்டியும் மஞ்சளும் ஈரம் புகுந்ததற்கு அடையாளம். கொடுக்காமல் விட்டது சரி.

பால் சோதனையை நம்ப வேண்டாம் ஐயா. வயிற்றோட்டத்துக்கு அதிகம் ஆராயப்பட்ட பக்டீரியா லக்டோபசிலஸ் ரம்னோசஸ் ஜிஜி. பாலில் இருக்கும் சீனியை அதனால் புளிக்க வைக்க ஏலாது. முழு உயிரோடு இருந்தாலும் பால் பாலாகவே கிடக்கும். அடுத்தது சக்கரோமைசஸ் பூலார்டி, அது பக்டீரியாவே இல்லை, ஈஸ்ட். அதுவும் பாலை உறைய வைக்காது. மறுபக்கம், நூறில் ஒரு பங்கு மட்டும் பிழைத்த கெப்சூல்கூட அடுப்படிச் சூட்டில் இரவு முழுக்கப் பெருகி நல்ல தயிர் தந்துவிடும். அங்கே யாரோ உயிரோடு இருக்கிறார்கள் என்பது தெரியும், எத்தனை பேர் என்பது தெரியாது. நாம் காசு கொடுப்பது அந்த எண்ணிக்கைக்குத்தான்.

ஹப்புத்தளை வாசகன்

எண்ணிக்கை என்றதும் சொல்கிறேன். எனக்கு எப்போதும் வயிறு ஊதும். கடையில் இரண்டு போத்தல் இருந்தன, ஒன்றில் 500 கோடி, மற்றதில் 5000 கோடி. பெரியதையே வாங்கினேன், ஒரு மாற்றமும் தெரியவில்லை. என் கதை அவ்வளவுதான்.

ஆனால் எல்லாருக்கும் சில விஷயம் சொல்ல வேண்டும். போத்தலைப் பிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் திறக்காதீர்கள். குளிர்ந்த போத்தலுக்குள் வெளிக்காற்று போனால் உள்ளே வியர்க்கும். கொஞ்ச நேரம் மேசையில் வைத்துவிட்டுத் திறவுங்கள். உள்ளே இருக்கும், ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலத்தை வீச வேண்டாம், அதற்குத்தான் அது இருக்கிறது. பிரிட்ஜ் கதவில் வைக்காமல் நடுத்தட்டில் வையுங்கள். கொதிக்கும் தேத்தண்ணியில் கலக்க வேண்டாம். கெப்சூல்கள் தனித்தனியாக அலுமினியத் தாளில் அடைத்தது கிடைத்தால் போத்தலை விட அதையே எடுங்கள், ஒன்றைத் திறப்பதற்காக மற்றவற்றுக்கு ஈரம் காட்டத் தேவையில்லை. கொழும்பிலிருந்து யாராவது கொண்டுவந்தால் ஐஸ் பையில் சுற்றிக் கொண்டுவரச் சொல்லுங்கள். அவிசாவளை வெக்கையில் பஸ்ஸில் வந்தால் அவ்வளவும் செத்துப்போகும்.

பண்டாரவளை மருந்தாளர்

தம்பி சொன்னதில் அநேகமானது நல்ல ஆலோசனை. பஸ் விஷயம் மட்டும் அப்படி இல்லை. மூடிய போத்தல் சில மணி நேரம் வெக்கையில் வந்தால் கொஞ்சம் குறையும், அவ்வளவும் சாகாது. கடை ராக்கையில் மாதக்கணக்கில் கிடப்பதுதான் கொல்லும்.

எண்ணிக்கையைப் பார்க்கும்போது பக்கத்தில் இருக்கும் சின்ன எழுத்தையும் பாருங்கள். சில லேபலில் “தயாரித்த நேரத்தில்” என்று இருக்கும், சிலதில் “காலாவதித் திகதி வரை” என்று இருக்கும். மிஸ்ஸின் போத்தல் 1000 கோடி, தயாரித்த நேரக் கணக்கு என்று வைத்துக்கொள்வோம். வெளியில் கிடந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாதியாகிறது என்றும் வைத்துக்கொள்வோம். 500, 250, 125 என்று இறங்கி, ஒரு வருஷத்தில் சுமார் 62 கோடியில் நிற்கும். லேபலில் 1000 கோடிதான் அப்போதும் இருக்கும். காலாவதி வரை 500 கோடி என்று உறுதி தருகிற போத்தல், சொன்ன மாதிரி வைத்திருந்தால், இதைவிட எவ்வளவோ மேல். சிலதில் எண்ணிக்கையே இல்லாமல் மில்லிகிராம் மட்டும் இருக்கும். பக்டீரியாவைப் பொறுத்தவரை அதை நான் கணக்கில் எடுப்பதில்லை, செத்ததும் நிறைதான்.

அப்புறம், பெயருக்குப் பின்னால் வரும் எழுத்து. “லக்டோபசிலஸ் ரம்னோசஸ்” என்று மட்டும் இருந்தால் எந்தக் குடும்பம் என்பது தெரியும், ஆள் யார் என்று தெரியாது. ஆய்வு நடந்தது ஜிஜி என்ற ஆளை வைத்து. எழுத்தில்லாத போத்தலுக்கு அந்த ஆய்வைக் காட்ட ஏலாது. 2020இல் இந்தக் குடும்பத்துக்குப் பெயர் மாற்றினார்கள், புது லேபலில் லக்டிகேசிபசிலஸ் ரம்னோசஸ் என்று இருக்கும். ஜிஜி மாறவில்லை, அதைத் தேடுங்கள்.

அன்டிபயோடிக் குடிக்கிற பிள்ளைக்கு, நம் பக்கத்துக் கரண்ட் நிலைமைக்கு, பூலார்டிதான் வசதி என்பது என் அபிப்பிராயம். உலர்த்தின ஈஸ்ட், அறை வெப்பத்தில் நிற்கும், அன்டிபயோடிக் அதைக் கொல்லாது. பங்கசு மருந்து கொல்லும். பக்டீரியா வகை என்றால் அன்டிபயோடிக்குக்கும் அதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். குறை மாதக் குழந்தைக்கும், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும், நெஞ்சு நரம்பில் குழாய் போட்டிருப்பவர்களுக்கும் டொக்டரைக் கேட்காமல் இரண்டுமே கூடாது. இரத்தத்தில் கலந்து ஆபத்தான சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன.

ஹட்டன் தாதி

வாசித்துக்கொண்டே வருகிறேன். ஜீவனியைப் பற்றி யாருமே கதைக்கவில்லை. வார்டில் ஒரு தாய் விலை கூடின புரோபயோடிக் பெட்டியோடு வந்தார், பிள்ளையின் கண் குழிவிழுந்திருந்தது, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகத்தான் திரும்பியது. ஜீவனி ஒரு பக்கெட்கூடக் கரைத்துக் கொடுக்கவில்லை. அந்தத் தாயைக் குறை சொல்லவில்லை, யாரோ பெட்டியை மட்டும் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். முதலில் நீர், சிங்க், அதற்குப் பிறகுதான் மற்றது. மருந்தாளர் அண்ணா ஜிஜியை உயர்த்திச் சொல்கிறார். கிருமித் தொற்றால் வரும் பிள்ளை வயிற்றோட்டத்துக்கு அது பலன் தரவில்லை என்று 2018இல் அமெரிக்காவில் பெரிய ஆய்வு ஒன்று வந்திருக்கிறதே?

பண்டாரவளை மருந்தாளர்

வந்தது, உண்மைதான். அது தொற்று வயிற்றோட்டம். அன்டிபயோடிக்கால் வருவது வேறு, அங்கே ஆதாரம் இன்னும் நல்லபடி இருக்கிறது. தொற்று விஷயத்தில் ஐரோப்பிய, அமெரிக்க டொக்டர் சங்கங்களே ஒத்துப்போகவில்லை. ஜீவனி முதலில் என்பதில் எனக்கு மறுபேச்சு இல்லை.

பழைய டீமேக்கர்

ஈரத்தைப் பற்றிச் சொன்னது விளங்குகிறது, அதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் என் போத்தலில் தயிர் உறைந்தது, நானும் சுகமானேன். அதற்கு என்ன பதில்?

கொட்டகலை அம்மா

நன்றி எல்லாருக்கும். இப்போதுதான் போத்தலை எடுத்துப் பார்த்தேன். “தயாரித்த நேரத்தில்” என்றுதான் இருக்கிறது. நான்கு பெயர்கள், ஒன்றுக்கும் பின்னால் எழுத்து இல்லை. மூடிக்குக் கீழே ஒட்டியிருக்க வேண்டிய தாள் ஒரு பக்கம் கிளம்பியிருக்கிறது, ஈரம் அந்த வழியாகப் போயிருக்கலாம். மகனுக்கு அன்டிபயோடிக் முடிந்ததும் வயிறு தானாகச் சரியாகிவிட்டது. கடைக்காரர் போத்தலைத் திரும்ப எடுக்க மாட்டாராம். லேபலில் இருக்கும் இறக்குமதியாளருக்கு எழுதலாமா, இல்லை இதற்கென்று முறையிட வேறு இடம் இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், போத்தலை அப்படியே வைத்திருக்கிறேன்.