படுக்கையறை யோகா மூலை: ஃபோம் தரையில் கால் ஆடுகிறது, கண்ணாடியில் பாதம் தெரியவில்லை. எதை மாற்றுவது?

மாடிப்படி
வணக்கம். படுக்கையறையில் கட்டிலுக்கும் துணி அலமாரிக்கும் நடுவே ஏழடிக்கு ஐந்தடி இடம் இருக்கிறது. அதை உடற்பயிற்சிக்கு ஒதுக்கி, ஒன்றோடொன்று கோத்துப் போடும் ஃபோம் டைல் வாங்கிப் போட்டேன். 20 மி.மீ. கனம். அடியில் வழவழப்பான டைல்ஸ் தரை. மேலே யோகா மேட்.

மூன்று தொல்லை. ஒன்று, விருட்சாசனத்தில் பத்து எண்ணுவதற்குள் கால் ஆடிவிடுகிறது. அதோமுக சுவானாசனத்தில் மணிக்கட்டு வலிக்கிறது. முன்பு வெறும் தரையில் மேட் போட்டுச் செய்தபோது இந்த வலி இல்லை. இரண்டு, அலமாரிக் கதவு டைலில் உரசுகிறது, முழுதாகத் திறக்கவில்லை. மூன்று, கண்ணாடி. 120 செ.மீ. உயரம், 60 அகலம், சட்டம் போட்டது. கீழ்விளிம்பு தரையிலிருந்து 90 செ.மீ.யில் மாட்டியிருக்கிறேன். பாதம் தெரியவில்லை. சட்டத்தைக் கழற்றிவிட்டு, குளியலறைக்கு வாங்கிய சிலிக்கான் மீதமிருக்கிறது, அதைப் பூசி இன்னும் கீழே ஒட்டிவிடலாமா? என் உயரம் 160.

தென்றல்77
ஃபோம் தேய்ந்திருக்கும். இன்னும் கனமானதாக, 30 மி.மீ. போடுங்கள். முட்டிக்கு நல்லது. கண்ணாடியை எதற்குக் கழற்றுகிறீர்கள்? இரண்டடி பின்னால் தள்ளி நின்றால் பாதம் தெரிந்துவிடும்.

ஊஞ்சல்_பலகை
எங்கள் வீட்டிலும் இதே கதைதான். ட்ரெட்மில் ஓடினால் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிடுகிறார். ஃபோம் போட்டும் சத்தம் குறையவில்லை. நீங்கள் என்ன போட்டீர்கள், சத்தம் நின்றதா?

மாடிப்படி
ஐயா, என்னிடம் ட்ரெட்மில் இல்லை. இரண்டு டம்பெல், ஒரு மேட், அவ்வளவுதான்.

பழையமேட்
பதினைந்து வருடமாக வகுப்பு எடுக்கிறேன். வீட்டில் மூலை அமைக்கும் பலருக்கு இடமும் பார்த்துக் கொடுத்திருக்கிறேன்.

முதலில் கால். தேய்மானமா, மென்மையா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துகொள்ளலாம். ஃபோமை ஓரமாகத் தள்ளிவிட்டு வெறும் தரையில், வெறுங்காலில் ஒற்றைக்காலில் நில்லுங்கள். பிறகு ஃபோமின் மேல் அதே காலில் நில்லுங்கள். தரையில் நிற்க முடிந்து ஃபோமில் மட்டும் ஆடினால் குறை உங்களிடம் இல்லை. பாதத்தின் விளிம்பு புதைந்து புதைந்து எழுவதால் கணுக்கால் ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்கிறது. மணிக்கட்டுக்கும் அதே காரணம். உள்ளங்கையின் அடிப்பகுதி ஃபோமில் இறங்கும்போது கை பின்னோக்கி மடங்கும் கோணம் கூடிவிடும். அப்படியிருக்க, தென்றல் சொல்வதுபோல் 30 மி.மீ. போட்டால் இன்னும் மோசமாகும். முட்டிக்கு மெத்தென்று வேண்டுமானால், முட்டி ஊன்றும் ஆசனத்துக்கு மட்டும் மடித்த போர்வை ஒன்றை அடியில் வையுங்கள். தரை முழுவதையும் மெத்தையாக்க வேண்டியதில்லை.

6 அல்லது 8 மி.மீ. கனத்தில் அடர்த்தியான ரப்பர் ஷீட் போதும். கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் விழாததாகப் பாருங்கள். கதவுத் தொல்லையும் பெரும்பாலும் இதிலேயே தீரும். கதவுக்கும் தரைக்கும் நடுவில் எத்தனை மி.மீ. இடைவெளி என்று அளந்துவிட்டு வாங்குங்கள். புது ரப்பர் சில வாரம் நாறும். படுக்கும் அறை என்பதால், விரிப்பதற்கு முன் வெளியில் காற்றாட வையுங்கள்.

தென்றல்77
சரி, தரையில் நான் சொன்னது தவறு. ஆனால் கண்ணாடி? தள்ளி நின்றால் தெரியும்தானே?

பழையமேட்
எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். சுவரில் நேராக மாட்டிய கண்ணாடியில் எவ்வளவு தள்ளி நின்றாலும் உங்கள் உடம்பில் தெரியும் பகுதி மாறாது. உங்கள் பிம்பமும் அதே அளவு பின்னால் போய்விடுகிறது. சந்தேகமிருந்தால் ஒரு துண்டுக் காகிதத்தைக் கண்ணாடியில் ஒட்டிவைத்து முன்னும் பின்னும் நடந்து பாருங்கள்.

கணக்கு எளிது. பாதம் தெரிய, கண்ணுக்கும் தரைக்கும் நடுவில் சரிபாதி உயரத்தில் கண்ணாடியின் கீழ்விளிம்பு இருக்க வேண்டும். 160 செ.மீ. ஆளுக்குக் கண் ஏறக்குறைய 149-இல் இருக்கும், ஆக 74-க்குக் கீழே வர வேண்டும். உங்களுடையது 90-இல் இருப்பதால் தரையிலிருந்து 31 செ.மீ. வரை எதுவும் தெரியாது. கைகளை மேலே தூக்கினால் விரல் நுனி 200 வரை போகும். அது தெரிய மேல்விளிம்பு 175-ஆவது வேண்டும். உங்கள் மேல்விளிம்பு இப்போது 210-இல் சும்மா இருக்கிறது. 35 செ.மீ. இறக்குங்கள். கீழ்விளிம்பு 55, மேல்விளிம்பு 175. நின்று செய்வதெல்லாம் தெரியும்.

மாடிப்படி
அருமை! உட்கார்ந்து செய்யும்போது?

பழையமேட்
அங்கேதான் இழுபறி. சம்மணமிட்டால் கண் 70-இல் வந்துவிடும், அப்போது 55-இல் உள்ள கண்ணாடியில் தரையிலிருந்து 40 செ.மீ.க்கு மேல்தான் தெரியும். மடியும் முட்டியும் காணாது. இன்னும் இறக்கினால் தூக்கிய கை போய்விடும். 120 செ.மீ. கண்ணாடிக்கு இரண்டும் கிடைக்காது. எதை அதிகம் செய்கிறீர்களோ அதற்கு ஏற்ற மாதிரி வையுங்கள். அகலத்திலும் அதே பாதிக் கணக்குதான். 60-க்கு 120 தெரியும், வீரபத்ராசனத்தில் விரிக்கும் கை முழுதாக வராது. அதற்காக இன்னொன்று வாங்காதீர்கள். திரிகோணாசனத்தில் கண்ணாடியைப் பார்க்கக் கழுத்தைத் திருப்புகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

கண்ணாடிக்கடை_மகன்
இடையில் நுழைகிறேன். அந்தச் சிலிக்கானைத் தயவுசெய்து பூசாதீர்கள். காய்கிறபோது வினிகர் மாதிரி புளிப்பு வாடை அடிக்கும் ரகம் என்றால், பின்னாலிருக்கும் வெள்ளிப் பூச்சை அரித்துவிடும், நாளாவட்டத்தில் கறுப்புப் புள்ளிகள் வரும். கண்ணாடிக்கென்று வாடையில்லாத நியூட்ரல் ரகம் தனியாக உண்டு. அதையும் பெயிண்ட் அடித்த சுவரில் பூசினால் பிடிப்பு பெயிண்டோடுதான், அது உரிந்தால் கண்ணாடியும் வரும். 5 மி.மீ. தடிமன் என்றால் கண்ணாடி மட்டுமே 9 கிலோ.

சட்டம் இருக்கட்டும். சுவரில் துளை போட்டு பிளக் வைத்து, கொக்கியை மட்டும் இறக்குங்கள். கீழ்மூலை இரண்டையும் ஆடாமல் கிளிப்பில் பிடித்துவிடுங்கள். 55-இல் வந்தால் கால் படும் உயரம், அதனால் பின்பக்கம் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டியதா பாருங்கள். உடைந்தாலும் சில்லு சிதறாமல் பிடித்துக்கொள்ளும். இல்லையென்றால் ஒட்டித் தருவார்கள்.

ஊஞ்சல்_பலகை
டம்பெல்லைக் கீழே போட்டால் ரப்பர் சத்தத்தைத் தடுக்குமா? அதையாவது சொல்லுங்கள்.

பழையமேட்
மெதுவாக வைத்தால் கொஞ்சம் குறையும். எறிந்தால் 8 மி.மீ. ஒன்றும் செய்யாது. ட்ரெட்மில் அதிர்வு வேறு விஷயம், தனியாகக் கேளுங்கள்.

மாடிப்படி
மூன்று வாரம் கழித்து வருகிறேன். ஃபோமைத் தூக்கியபோது அடியில் ஈரம் கோத்து ஒரு மூலையில் கறுப்புப் பூஞ்சை இருந்தது! தரையைத் துடைக்கும்போது ஓரம் வழியாகத் தண்ணீர் போயிருக்கிறது. துடைத்துக் காயவைத்து, 8 மி.மீ. ரப்பர் போட்டேன். வாரம் ஒருமுறை ஓரத்தைத் தூக்கிப் பார்க்கிறேன். மணிக்கட்டு வலி போய்விட்டது. விருட்சாசனம் வலக்காலில் நிற்கிறது, இடக்காலில் இன்னும் ஆட்டம்தான். அது தரையின் குற்றம் இல்லை என்று ஒப்புக்கொள்கிறேன்.

கண்ணாடி 55-இல். சாமான்களுக்கு அலமாரியின் பக்கச்சுவரில் இரண்டு கொக்கி அடித்து மேட்டைத் தொங்கவிட்டிருக்கிறேன். வியர்வையோடு உள்ளே சுருட்டி வைத்தால் நாறுகிறது. டம்பெல் கீழ்த்தட்டில்.

ஒரே ஒரு பாக்கி. கதவு திறக்கிறது, ஆனால் ஒரு இடத்தில் இன்னும் லேசாகத் தட்டுகிறது. கதவைச் சீவுவதா, ரப்பரை வெட்டுவதா?

கண்ணாடிக்கடை_மகன்
கீல் இறங்கியிருக்கலாம். திருகாணியை முறுக்கிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.